வீட்டுப் போனுக்குப் போன குறுஞ்செய்தி

அந்த மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘வலிக்காதக்கா’. ஊசியைக் கண்டு அலறும் வாண்டுகளிடம் “வலிக்காது, வலிக்காது” என்று சொல்லிச் சொல்லியே குத்திவிடுவாள். குத்திய பிறகு “வலிச்சுதே!” என்று அழுதால், “அது எனக்கு வலிச்சுதுடா” என்பாள். நரம்பு தெரியாத தடித்த கையானாலும் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் விரல்கள். ரத்தத்துக்குப் பயப்படாதவள். அவள் பயந்ததெல்லாம் ஒரு கைபேசிக்குத்தான்.

அது அவள் வீட்டுக் கைபேசி. பகலெல்லாம் பம்புசெட் பழுது பார்க்கும் அண்ணன் சட்டைப்பையில் இருக்கும். அவன் வீடு திரும்பியதும் அப்பா கைக்குப் போய்விடும். அவள் படிக்கும் காலத்தில் அடையாள அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் கொடுத்திருந்தது அந்த எண்தான். அன்று அவளுக்கென்று வேறு எண் கிடையாது.

அவள் கல்யாணம் செய்துகொண்டது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மதியமே இருவரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். விடுதியில் இருப்பதாக வீடு நம்பிக்கொண்டிருந்தது. சித்தப்பா மகள் இப்படித்தான் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். நயமாகப் பேசிக் கூட்டிவந்து, கைபேசியைப் பிடுங்கி, பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டினார்கள். சாவி இவள் அப்பாவின் இடுப்பில் தொங்கியது. அவள் கதவைத் தட்டிய சத்தம் இவளுக்கு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அப்படிப் பயந்தவள் ஆசையில் ஒரு காரியம் செய்துவிட்டாள். தம்பதிக் குடியிருப்பு கேட்டு மருத்துவமனையில் திருமணச் சான்றிதழைக் கொடுத்தபோது, “பேரையும் மாத்திடலாமா?” என்று அலுவலக எழுத்தர் கேட்டார். தன் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயரை எழுதிப் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது. தலையாட்டிவிட்டாள்.

அடுத்த மாதச் சம்பளம் வங்கி வாசல் வரை போய்த் திரும்பி வந்தது.

“இங்க ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு. பணம் எந்தப் பேருக்குப் போகும்?” என்றார் எழுத்தர். “மொதல்ல அடையாள அட்டையில மாத்து. அதையும் கல்யாண சர்டிபிகேட்டையும் எடுத்துட்டுப் பேங்குக்குப் போ. எல்லா எடத்துலயும் ஒரே பேரு இருக்கணும்மா.”

ஓய்வறையில் உட்கார்ந்து அடையாள அட்டைத் தளத்தைத் திறந்தாள். அட்டை எண்ணை அடித்தாள். ‘ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்புக’ என்று வந்ததை யோசிக்காமல் தொட்டுவிட்டாள். தொட்ட பிறகுதான் அது எங்கே போகும் என்பது உறைத்தது. பக்கத்தை மூடினாள். மூடி என்ன செய்ய? அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கும்.

உடனே அண்ணன் அழைத்தான்.

“ஏ குட்டி, உன் கார்டுக்கு ஏதோ ஓடிபி வந்திருக்கு. எவனாவது கேட்டானா?”

“இல்லண்ணா... ஆஸ்பத்திரில சும்மா சரிபார்த்தாங்க.”

“சும்மாவா? ஊரையே அடிச்சு உலையில போடுறானுங்க. யார் கேட்டாலும் சொல்லாத. நல்லவேளை பகல்ல வந்துச்சு. அப்பா கையில சிக்கியிருந்தா எழுத்துக்கூட்டிப் படிச்சு, விடியவிடிய என்னைத் தூங்க விட்டிருக்க மாட்டாரு.”

அவன் சிரித்தான். இவளும் சிரித்தாள்.

நல்லவேளையாக அடையாள அட்டைச் சேவை மையத்தில் வேறு வழி இருந்தது. “ஓடிபி வேணாம். நேர்ல வந்தா கைரேகை போதும். நம்பரையும் பேரையும் ஒண்ணாவே மாத்திடலாம்” என்றாள் கணினிக்காரப் பெண். சான்றிதழின் அசலை ஸ்கேனரில் வைத்து எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். சில நாட்களில் புதுப் பெயர் ஏறிவிட்டது. வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

வங்கியில்தான் மாட்டிக்கொண்டாள்.

வங்கி அதிகாரியம்மா புது அட்டையைப் பார்த்தார். சான்றிதழின் நகலை அசலோடு ஒப்பிட்டு, “சரியா இருக்கும்மா” என்றார். பெயர் மாற்றத்துக்கும் எண் மாற்றத்துக்கும் விண்ணப்பங்களை நீட்டினார். “மேலாளர் ஒப்புதல் குடுத்ததும் பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் மெசேஜ் போகும்.”

“பழைய நம்பருக்கு வேணாம் மேடம்.”

“நம்ம கையில இல்லம்மா, தானா போகும். நாளைக்கு எவளோ உன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்து நம்பரை மாத்திட்டா உனக்கு எப்படித் தெரியும்? உன் நல்லதுக்குத்தான்.”

“எப்பப் போகும்?”

“இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள போகலாம். நாளைக்கும் ஆகலாம்.”

வேறு வங்கிக்கு ஓடலாமென்றால் மருத்துவமனைச் சம்பளம் இந்த வங்கிக்குத்தான் வரும். பழைய பெயருக்கே திரும்பலாமென்றால், அதற்கும் வீட்டு எண்ணுக்கு ஒரு செய்தி போகாது என்று யார் சொன்னது? கையெழுத்துப் போடாமலே எழுந்து வந்தாள். வெளியே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேலை முடிந்து, தன் பைக்கோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி வர்ற?”

சொன்னாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். “மெசேஜ் சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடலாம். என்ன ஆனாலும் நான் கூட இருக்கேன்.”

“உங்களை அடிச்சாங்கன்னா?”

“ஆம்புலன்ஸ் நம்மளோடதுதானே” என்றார். அவருடைய குரலும் சரியாக இல்லை.

அண்ணனை அழைத்தாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

“எனக்குக் கூடச் சொல்லல இல்ல?” என்றான்.

“பயம்ணா.”

“என்கிட்டயா?” என்றான் அண்ணன். “சரி. மெசேஜ் வந்தா அழிச்சுடறேன். ஆனா நாளைக்குப் பேங்க்காரன் இன்னொண்ணு அனுப்புவான். நான் என்ன அவனுக்குக் காவல்காரனா? நேர்ல வாங்க. நான் இருக்கேன்.”

“அப்பா பூட்டி வெச்சிட்டா?”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு குட்டி. வா.”

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். குழந்தையின் நரம்பில் தடுமாறாத விரல், தன் பெயரில் தடுமாறியது. “பழைய கையெழுத்தோட ஒத்துப்போகல, இன்னொரு தடவை போடும்மா” என்றார் அதிகாரி. மறுபடி போட்டாள்.

பைக் ஊர்ப்பாதையில் திரும்பும்போது மாலை மங்கிக்கொண்டிருந்தது. அவளது கைபேசி ஒரு துள்ளு துள்ளியது. ‘உங்கள் கணக்கில் பெயரும் கைபேசி எண்ணும் மாற்றப்பட்டன. இதை நீங்கள் செய்யவில்லை எனில் உடனே வங்கியைத் தொடர்புகொள்ளவும்.’

அப்படியென்றால் அங்கேயும் இப்போதுதான் துள்ளியிருக்கும். அண்ணன் வீடு திரும்பியிருப்பானா? கைபேசி யார் கையில்?

திரையில் ‘வீடு’ என்று வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அண்ணன் குரல் இல்லை.

“அம்மாடி,” என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. “பேங்க்ல உன் பேரை எவனோ மாத்திட்டானாம்மா. நீ செய்யலைன்னா உடனே சொல்லுன்னு போட்டிருக்கு. உன் அண்ணன் பிடுங்கறான், நான் குடுக்கல. எவன்டி அவன்? நீ நல்லா இருக்கியா? நான் பேங்குக்குக் கெளம்பவா?”

அவர் பயந்துபோயிருந்தார். அந்தக் குரலில் நடுக்கத்தை அவள் அதுவரை கேட்டதே இல்லை. ‘நான் செய்யலை’ என்று சொன்னால் போதும், நாளைக்கு அப்பாவே வரிசையில் நின்று பழைய பெயரை மீட்டுத் தந்துவிடுவார்.

ஓட்டுநர் பைக்கை ஓரமாக நிறுத்தினார்.

“எவனும் இல்லப்பா,” என்றாள். “நான்தான் மாத்தினேன். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவரையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன்.”

அப்பா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் மூச்சு வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், பைக்கை எடுக்கச் சொல்லிக் கணவரின் தோளைத் தொட்டாள்.