கண் இருந்த இடம்: பத்மா அக்காவின் மீன் பதிவுகளுக்கு நான் எழுதிய அறிவிப்பு

நள்ளிரவு தாண்டிய பிறகு எழுதுகிறேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும். மகளுக்கு இரண்டு நாளாக மூச்சு இழுக்கிறது. அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பதும், வந்து நாலு வரி எழுதுவதுமாக இருக்கிறேன். பகலில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஆனாலும் இதை இனியும் தள்ளிப்போட முடியாது.

பத்மா அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு தொலைபேசிப் படமாகத்தான் வந்தது. உடப்பிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். வாசலில் வெள்ளைக்கொடி, கீழே ஒரு வரி: "அக்கா விடிய எழும்பேல்ல." அதையே நான் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது; என் உம்மாதான் வந்து அடுப்பை அணைத்தார். பத்மா அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. முதல்நாள் மாலையும் கருவாட்டைத் தட்டில் பரப்பிவிட்டுத்தான் படுத்தாராம்.

உங்களில் பலருக்கு அவர் கருவாடு காயவைத்து விற்கிற பத்மா. சிலருக்கு மட்டும் மீனைக் கடதாசியில் பதிக்கிற பத்மா. எனக்கு, நான் எழுதிய ஒரு அறிவிப்பைத் திருத்திய பத்மா. அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, உடப்புக்கு அடுத்த ஊரில் வீட்டிலிருந்தபடியே, எங்கள் பக்கத்துச் சிறு கலைக் குழு ஒன்றுக்கு முகநூல் பக்கத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பத்மா அக்காவின் முதல் காட்சிக்கு அறிவிப்பு எழுதுவது என் பொறுப்பு. படம் ஒன்று, அதன் கீழே ஐந்தாறு வரி. கேட்கச் சின்ன வேலை. ஆனால் முதல் மூன்று வரிதான் திரையில் தெரியும். மிச்சம் "மேலும் பார்க்க" என்பதற்குள் ஒளிந்துவிடும். ஆகவே என்ன, எங்கே, எப்போது என்பது முன்னால் வர வேண்டும். எல்லோரும் வரலாம், காசு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊர்களில் அழைப்பு அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு கலைஞர் எப்படி வேலை செய்கிறார் என்று ஒரே ஒரு வரி. வாசிக்கிறவரை வீட்டிலிருந்து எழுப்பிக் கொண்டுவருவது அந்த வரிதான்.

அந்த வரியில்தான் நான் பிழை விட்டேன்.

அப்போது மகள் வயிற்றில் மூன்று மாதம். மீன் வாடை பட்டாலே குமட்டும். கடற்கரைக்குப் போய் அவர் வேலை செய்வதைப் பார்க்காமல், அவர் அனுப்பிய படங்களை மட்டும் பார்த்தேன். மீன் பதிவு எப்படிச் செய்வார்கள் என்று இணையத்தில் தேடினேன். உடலைப் பதித்த பிறகு கண்ணை மட்டும் தூரிகையால் வரைவார்கள் என்றிருந்தது. எனக்கு அது அழகாகப் பட்டது. இப்படி எழுதினேன்: "மீனின் உடலைப் பதித்து, கண்ணை மட்டும் தன் கையால் வரைந்து உயிரூட்டுகிறார் பத்மா."

மாலையில் போட்டேன். இரவுக்குள் எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. காலையில் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நீ என்ட கையைப் பாத்திருக்கிறியா?"

"படத்தில பாத்தன் அக்கா."

"படத்தில நான் கண் கீறினனா?"

அவருக்குப் பின்னால் வேறொரு குரல் உரக்கக் கேட்டது: "கேளு, கேளு! என்ட மீனுக்குக் கண் போட்டது ஆரெண்டு கேளு!"

அது சரஸ் அக்கா. தலையில் கூடையோடு ஊர் ஊராகப் போய் மீன் விற்கிறவர். பத்மா அக்காவுக்கு மீன் கொடுத்த ஏழு பெண்களில் மூத்தவர். அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வாந்திக்குப் பயந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முச்சக்கரவண்டியில் உடப்புக்குப் போனேன்.

கரையில் ஒரு பலகையைப் போட்டு பத்மா அக்கா உட்கார்ந்திருந்தார். "வா, இதில இரு. காத்துக்கு எதிரா இராதே, மணக்கும்" என்று இடத்தைக் காட்டினார். அவ்வளவுதான் கண்டிப்பு.

ஒரு விளைமீனை எடுத்து உப்பும் தண்ணீரும் விட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்துக் கழுவினார். பழந்துணியால் ஈரம் ஒற்றினார். செவுளுக்குள் பஞ்சு அடைத்தார். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற நீர் கசிந்து கடதாசியைக் கெடுத்துவிடுமாம். செட்டைகளை விரித்து, கீழே ஈர மணலைக் கொடுத்துக் குண்டூசியால் நிறுத்தினார். மை, கணவாயின் மைப்பையிலிருந்து எடுத்தது. கொஞ்சம் அரிசிக் கஞ்சி கலந்து தடிப்பாக்கியிருந்தார். தலையிலிருந்து வால் வரை ஒருமுறை பூசினார். பிறகு செதிலுக்கு எதிராக, வாலிலிருந்து தலைக்கு. கண்ணுக்கு வந்ததும் தூரிகை சுற்றிப் போனது. மெல்லிய கடதாசியை மேலே போட்டு விரல் நுனியால் மட்டும் தடவினார். முள் முள்ளாக, செதில் செதிலாக மீன் மேலே எழும்பி வந்தது. உரித்து எடுத்தபோது கண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மீனைக் கடல் தண்ணீரில் கழுவி, பஞ்சை எடுத்து, பக்கத்தில் நின்ற சரஸ் அக்காவின் கூடைக்குள் போட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கணவாய் மைதானே, கறிக்குக் கேடில்லை.

"ஏன் கண்ணை விடுறீங்க?" என்று கேட்டேன்.

சரஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மீன் வாங்கப் போனா முதல்ல எதைப் பாப்பாய் பிள்ளை? கண்ணைத்தானே! முழிச்சு, பளபளவெண்டு நிண்டா இண்டைக்குப் பிடிச்சது. குழி விழுந்து பால் நிறமாயிருந்தா முந்தநாள் மீன். நாங்க சோறு தின்னுறது அந்தக் கண்ணால. நீ ஊருக்கெல்லாம் என்ன எழுதினாய்? பத்மா கண் கீறுறாளாம்! அந்த மீன் என்ட கூடைக்குத் திரும்பி வருதெண்டு எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு வாசல்ல நிண்டு கேப்பாளுகள், 'சரசு, இந்தக் கண் கடல் போட்டதா, பத்மா போட்டதா?' எண்டு."

பத்மா அக்கா சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். "நான் கண்ணைப் போட்டா எந்தப் பழைய மீனையும் புது மீனாக்கலாம் தங்கச்சி. அது வியாபாரப் பொய். அதை நான் கடதாசியிலயும் செய்ய மாட்டன்."

சிரித்தாலும் அவர் பயந்திருந்தார். அந்த ஏழு பேரும் காட்சிக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. மீன் தந்தவர்கள் வராவிட்டால், காட்சி நடக்கவிருந்த மடுவத்தை, அந்த வலைக் கொட்டகையை, திறக்கவே போவதில்லை என்றார். என் ஒரு வரி இவ்வளவு தூரம் போயிருந்தது.

பலகையிலேயே இருந்து திருத்தினேன். பத்மா அக்கா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "உயிரூட்டுகிறார்" என்றதும், "செத்த மீனுக்கு நான் எங்க உயிர் குடுக்கிறது? வெட்டு" என்றார். நீளமான ஒரு வாக்கியத்தை, "வாசிக்கிற ஆள் சைக்கிளில ஒரு கால் ஊண்டி நிண்டு வாசிக்குது, அவ்வளவு நேரம் நிக்காது" என்று பாதியாக்கினார். நாள் போயாதான், பௌர்ணமி விடுமுறை; நேரத்தை நாலு மணி ஆக்கினோம். அதற்கு முன் கூடைக்காரப் பெண்கள் வீடு திரும்ப மாட்டார்கள். கடைசியில் வந்தது இது:

"மீன் பதிவுகள். உடப்புக் கடற்கரை வலை மடுவத்தில், போயா நாள் மாலை நாலு மணிக்கு. எல்லோரும் வாருங்கள், காசு இல்லை, அட்டை தேவையில்லை. ஒவ்வொரு மீனும் கணவாய் மையில் பதிக்கப்பட்டு, கழுவி, உடையவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. கண் இருந்த இடத்தைப் பத்மா தொடுவதில்லை."

சரஸ் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். "இப்ப சரி" என்றுவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

முகநூல் பக்கத்தில் இருந்ததை மாற்றினேன். முதல் அறிவிப்பில் பிழை என்னுடையது என்று கீழே எழுதினேன். அறிவிப்பைச் சிங்களத்தில் எழுதித் தந்த சிலாபத்துத் தோழியிடம் அந்த வரியையும் திருத்தச் சொன்னேன். ஆனால் வாட்ஸ்அப்பில் போனவற்றைத் திருப்பி அழைக்க முடியாது. அதனால் பத்மா அக்காவும் நானும் மற்ற ஆறு வீடுகளுக்கும் போய், வாசலில் நின்று புதிய வரியை வாசித்தோம். வாசலில் வந்து சொல்லாத அழைப்பை அங்கே யாரும் அழைப்பாக எடுப்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

போயா அன்று ஏழு பேரும் வந்தார்கள், புதுச்சேலையோடு. ஒருவரும் "கலை" என்ற சொல்லைச் சொல்லவில்லை. "இது என்ட பாரை. வாலில கடி இருக்கு, பார்!" "உன்ட பாரை இவ்வளவு பெருசோ? கனவில பிடிச்சியோ?" "அடியே, இதைக் கறி வச்சம், பதினொரு பேர் சாப்பிட்டம்!" வெளியூரிலிருந்து வந்தவர்கள் படங்களை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்மா அக்கா மூலையில் ஒரு கதிரையில் இருந்து கைகளைச் சேலையில் துடைத்தபடியே இருந்தார். ஈரமே இல்லாத கைகள்.

அதற்குப் பிறகு எத்தனையோ காட்சிகளுக்கு வரி எழுதியிருக்கிறேன். முதலில் போய்ப் பார்க்காமல் ஒன்றும் எழுதியதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். மகளுக்கு மருந்து கொடுக்கும்போதுகூடப் போத்தலை விளக்கில் பிடித்து இரண்டு தடவை வாசிக்கிறேன்; வீட்டில் சிரிக்கிறார்கள்.

இப்போது நினைவுக் காட்சி வைக்கிறோம், அதே மடுவத்தில். அறிவிப்பு மறுபடியும் என் கையில். "கண் இருந்த இடத்தைப் பத்மா தொடுவதில்லை" என்ற பழைய கடைசி வரியையே போடலாம் என்றிருந்தேன். நேற்று அவருடைய தம்பி அவர் கடைசியாகப் பதித்த கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் வெள்ளை வட்டம். ஓரத்தில் வழக்கம்போலப் பென்சிலில் மீன் தந்தவரின் பெயர். நடுவில் ஒரு ஓரா மீன். அதற்குக் கண் இருக்கிறது.

அதே கணவாய் மை. சிறிய வட்டம், உள்ளே ஒரு புள்ளி, புள்ளியில் ஒளிக்காக விட்ட ஒரு நுனி வெள்ளை. ஓரத்தில் பெயர் இல்லை. அவர் கைதானா, வேறு யாருடையதோ, என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கைதான் என்றால் ஏன் என்று அறிய ஆசையாக இருக்கிறது. அந்தக் கடதாசியை மட்டும் எடுத்துவிட்டால் என் வரி தப்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். வரியைக் காப்பாற்ற மீனை ஒளிப்பதும் பத்மா அக்கா சொன்ன வியாபாரப் பொய் மாதிரித்தான் எனக்குப் படுகிறது. ஓரா சுவரில் இருக்கும். வரிதான் மாற வேண்டும். எப்படி மாற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி மாதங்களில் அவரோடு கரையில் இருந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த ஓரா யாருடைய கூடையிலிருந்து வந்தது, அன்று பலகையில் யார் இருந்தார்கள், கண்ணைப் போட்டது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றாவது எழுதுங்கள். அதையே வரியாகப் போடுவேன். வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பு போக வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.