தேங்காய் சாதம் சாப்பிட்ட பதினோரு பேர்

சேவூர் சாலையில் இருந்த பட்டு நூல் முறுக்கும் ஆலையின் கேன்டீனுக்குக் கிருபாகரன்தான் மேனேஜர். ஆள் முரட்டு உடம்பு, முன்கோபி. அரிசியில் கல் கிடந்தால் முறத்தையே தூக்கி எறிவார். சேரியிலிருந்து வந்து சமைக்கும் பச்சையம்மாளுக்கும் அவரிடம் பயம்தான்.

எழுபத்தெட்டில் ஒரு திங்கட்கிழமை மதியம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இயந்திரங்களுக்கு நடுவே பெண்கள் சுருண்டு விழுந்து வாந்தியெடுத்தார்கள். பதினோரு பேரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

சேரிக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று யாரோ கிளப்பிவிட, சாயங்காலத்துக்குள் ஆட்கள் கேன்டீனுக்குள் புகுந்தார்கள். முன்னால் வந்தவன் குப்புராஜ். அவன் மனைவியும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பச்சையம்மாளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, சுவரில் மோதினான். அவள் நெற்றி பிளந்தது. சாம்பார் அண்டாவைக் கவிழ்த்தார்கள். மிச்சமிருந்த தேங்காய் சாதத்தையும் கொட்டப் போனபோது, கிருபாகரன் அந்தப் பாத்திரத்தின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார்.

"இதை வுடமாட்டன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும்."

விறகுக்கட்டை முதுகில் விழுந்தது, பிறகு வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. போலீஸ் வந்து பிரிக்கும்வரை அவர் நகரவில்லை.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் சாதத்தில் கொஞ்சம் எடுத்து முத்திரை வைத்துச் சென்னைக்கு அனுப்பினார். மேனேஜரிடம் எழுத்து மூலம் அறிக்கை கேட்டார். அதற்குள் முதலாளியின் கணக்குப்பிள்ளை சுப்பராயலு கிருபாகரன் வீட்டுக்கே வந்தான்.

"பச்சையம்மா பேரை எழுதிடுங்க. எதுக்குப் பேஜாரு? உங்க வேலை போவாது."

"நீ வெளிய போயிடு. இன்னொரு கை நல்லாத்தான் இருக்குது."

கட்டுப் போட்ட கையோடு அவர் சொல்லச் சொல்ல, மனைவி பாக்கியமேரி எழுதினாள். மதிய உணவு: புதிதாக வடித்த சோறு, சாம்பார், கோஸ் பொரியல், தேங்காய் சாதம். தேங்காய் சாதத்துக்கான சோறு முந்தின நாள் மாலை முதலாளி வீட்டு விசேஷத்தில் வடித்தது. இரவெல்லாம் மூடிக் கிடந்த அந்த அண்டா, முதலாளி சொன்னதன்பேரில் காலை எட்டு மணிக்கு வந்தது. பதினொன்றுக்குத் தாளித்தது. பன்னிரண்டரைக்குப் பரிமாறியது. முதல் வாந்தி இரண்டு மணிக்கு. விழுந்தவர்கள் எல்லோரும் தேங்காய் சாதம் சாப்பிட்டவர்கள். சாம்பார் சோறு மட்டும் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

"மறுபடி சூடு பண்ணினா சரியாப் போவாதாங்க?" என்று பாக்கியமேரி ஆய்வாளரைக் கேட்டாள்.

"கெட்டுப்போன சோத்துல ஊறின நஞ்சு சூட்டுல போவாதும்மா."

சென்னையிலிருந்து வந்த முடிவும் அதையே சொன்னது. பதினோரு பேரும் பிழைத்தார்கள். பச்சையம்மாள்மேல் வழக்கு இல்லை. நெற்றியில் ஆறு தையல். முதலாளிக்கு அபராதம், கிருபாகரனுக்கு வேலைநீக்கம்.

குப்புராஜ் வந்து காலில் விழுந்து கேட்டும், போலீஸில் கொடுத்திருந்த புகாரைக் கிருபாகரன் திரும்பப் பெறவில்லை.

"என்னைய அடிச்சத வுட்டுடுவன். அந்தம்மா முடியப் புடிச்சி இழுத்தியே, அத எப்பிட்றா வுட்றது?"

கோர்ட்டில் பச்சையம்மாள் சாட்சி சொன்னாள். குப்புராஜுக்கு மூன்று மாதம் கிடைத்தது. பிறகு களம்பூர் அரிசி ஆலைக்கு எதிரே கிருபாகரன் சாப்பாட்டுக் கடை போட்டார்; அடுப்படி பச்சையம்மாளுடையது. கோபம் மட்டும் குறையவில்லை. ஆனால் எதையும் தூக்கி எறிய, முறிந்த அந்த வலது கை மடங்கவில்லை.