பரீதா அக்கா எடுத்த பெயர்கள்

பரீதா அக்கா போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். வெளியே தூறல். இணைய இணைப்பு கிடைக்காமல் மோடம் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

உக்கடத்தில் எங்கள் வீதிக் குழுவில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தையல் அவர் தொழில், கல்யாணப் பத்திரிகைக்குப் பாட்டு எழுதுவது அவர் ஆசை. போன ஐப்பசியில் குளம் நிரம்பி, வாய்க்காலோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவர் வீடும் அதில் ஒன்று. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். தெருவெல்லாம் தண்ணீரில் வானம் கிடந்தது. அவ்வளவு துயரத்திலும் அது அழகாகத்தான் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் கோவைக்காரர்கள் கூடும் இணையப் பலகையில் உதவி கேட்பது என்று முடிவானது. கவிதையாகக் கேட்டால் நின்று படிப்பார்கள் என்று நான் எழுதியதில் மேகம் அழுதது, குளம் அழுதது. படித்துவிட்டு அக்கா, "மேகத்துக்கு யாரு கண்ணு பணம் அனுப்புவாங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கண்டுகொள்ளாமல் தானே எழுதினார். தமிழ் எழுத்துரு இல்லாதவர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் தட்டினேன். திரையில் உடையாதபடி வரிகளைக் குட்டையாக வெட்டினோம். கவிதைக்குக் கீழே, என்ன வேண்டும், வங்கி டிராஃப்ட் எந்தப் பெயருக்கு, எந்த நாள் வரை என்று உரைநடையில் சேர்த்தோம்.

கல்யாணப் பத்திரிகை எழுதிய பழக்கம் அக்காவை விடவில்லை. அதில் வீட்டார் பெயரெல்லாம் வருவதுபோல, தண்ணீர் புகுந்த வீட்டார் பெயர்களையெல்லாம் கடைசியில் வரிசையாகப் போட்டுவிட்டார். பலகையில் ஏற்றிவிட்டால் திரும்ப எடுக்க எங்களால் முடியாது. அனுப்பும் முன் பெருமையாகப் பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டினார்.

கூலி வேலைக்குப் போகும் மருதாயி எழுந்து வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எம்பேரு வேண்டாமுங்க. புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறமுங்க. நாளைக்கு வாரவங்க, கையேந்துன ஊடுன்னு சொல்லிப்போடுவாங்க."

பெயர் இருந்தால்தான் நம்புவார்கள், பாயும் அரிசியும் உடனே வேண்டுமே என்று நான் வாதாடினேன். அக்கா என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி எல்லாப் பெயர்களையும் கோடு போட்டு அடித்தார். போனது இதுதான்:

அடுப்பில் தண்ணீர்
அரிசியில் சேறு
பள்ளிக்கூடத்தில் படுக்கிறோம்
பாய்கள் போதவில்லை
கேட்பது நான், பரீதா
கொடுப்பதை வீதிக்குக் கொடுங்கள்

அழுகிறவர்களின் படம் உண்டா என்று ஒருவர் பதில் போட்டார். "அழுதது நான்தானுங்க, ஊட்டுக்கு வந்தா பாக்கலாம்னு எழுது" என்றார் அக்கா. படம் கேட்டவரும் பணம் அனுப்பினார், பலரும் அனுப்பினார்கள். எல்லார்க்கும் பாய் வந்த அன்றே, போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று நான்கு வரி எழுதிப் போடச் சொன்னார். மருதாயி மகள் கல்யாணம் தை மாதம் நடந்தது. பத்திரிகைப் பாட்டு அக்காவுடையதுதான்.

ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டாமல் வெளியே விடக்கூடாது என்பதை அக்காவிடமிருந்து கற்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இதையும் நேற்று அக்காவின் கணவரிடம் வாசித்தேன். அக்காவின் கடைசி நாட்களைப் பற்றிய பத்தி வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன்.