பதினோரு தலைவர்களும் ஒரு ஃபெயிலும்

கன்னடம் பேசும் எங்கள் ஊர்க் கல்லூரியில் தலைமைப் பண்பு மன்றம் என்று ஒன்று தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுவில், நான் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது. பொறுப்பு விரிவுரையாளர் நோட்டீஸ் போர்டில், 'சேரும் ஒவ்வொருவருக்கும் தலைமை தாங்கும் வாய்ப்பு' என்று எழுதிப் போட்டார். சேர்ந்தது பதினோரு பேர். அவர்கள் அந்த வரியை அப்படியே நம்பி, பதினோரு பேருக்கும் பதவி கொடுத்துவிட்டார்கள். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், ஊக்குவிப்புப் பொறுப்பாளர், வருகைப் பதிவுப் பொறுப்பாளர் என்று போய்க் கடைசியில் சாக்பீஸ் பொறுப்பாளர் வரை. சாதாரண உறுப்பினர் என்று சொல்ல அந்த மன்றத்தில் ஓர் ஆள் கிடையாது.

தலைவர் காக்ஸ் டவுன் பையன். வீட்டில் எல்லாரும் டீச்சர்கள். அக்கவுண்ட்ஸில் வகுப்பிலேயே முதல். பதவி ஏற்ற அன்றைக்கே, "மக்களை நடத்துறவன் மக்களோட பாஷையைப் படிக்கணும்" என்று மேடையில் அறிவித்துவிட்டு, மொழிப் பாடத்தைத் தமிழிலிருந்து கன்னடத்துக்கு மாற்றிக்கொண்டான். கைதட்டல் பலமாக இருந்தது. அவனுக்குத் தெரிந்த கன்னடம் பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான்.

மன்றத்தின் முதல் திட்டம் நல்ல திட்டம். இப்போதும் சொல்வேன். நன்றாகப் படிக்கிறவர்கள், மதிய இடைவேளையில், ஃபெயில் ஆனவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவனுக்கு நாலு பேரை நடத்தும் பழக்கம் வரும். கல்லூரிக்கும் தேர்ச்சி கூடும். பிரின்சிபால் மாடியில் ஓர் அறையைக் கொடுத்தார். எல்லாம் தயார். ஃபெயில் ஆனவர்கள்தான் வேண்டும். வந்தது நான் ஒருத்தி.

எனக்கு வேறு வழியில்லை. முதல் வருஷ அக்கவுண்ட்ஸ் பாக்கி. வருஷக் கடைசியில் அதையும் சேர்த்து எழுதித் தேறாவிட்டால் மூன்றாம் வருஷம் கிடையாது. எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை, விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போகிறவர். அவர் திட்டவே இல்லை. "பேக்கிங் செக்‌ஷன்ல பொண்ணுங்கள எடுக்கிறாங்களாம்மா. பாஸாகலைன்னா சொல்லு, சூப்பர்வைசர்கிட்ட பேசி வைக்கிறேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அன்பாகச் சொல்லிவிட்டார், நான் மறுநாளே மன்றத்தில் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் அறைக்குப் போனேன். பெஞ்சில் நான் தனியாக. எதிரே பதினோரு பேர் வரிசையாக. வருகைப் பதிவுப் பொறுப்பாளர் என் பெயரைக் கூப்பிட்டாள். அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், "பிரசன்ட்" என்றேன். தலைவன் வரவேற்புரை ஆற்றினான். ஊக்குவிப்புப் பொறுப்பாளர் என் பக்கத்தில் வந்து தோளைத் தட்டி, "உன்னால முடியும்!" என்றாள். எனக்கே பயமாகிவிட்டது. கருத்துக் கேட்புப் பொறுப்பாளர், "இன்னைக்கு க்ளாஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டான். இன்னும் க்ளாஸே எடுக்கவில்லையே என்றேன். அதையும் எழுதிக்கொண்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. என்னைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள், என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு. 'பயனாளியின் முன்னேற்றம்' என்று பேசினார்கள். பயனாளி நான்தான். பயனாளிக்கு அன்றைக்கு வரைக்கும் ஒரு கணக்கு கூடப் போட்டுக் காட்டவில்லை. ஒரு நாள் போர்டில் யார் எழுதுவது என்று துணைத் தலைவருக்கும் செயலாளருக்கும் சண்டை வந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"அடச்சீ! பதினோரு பேரு நிக்கிறீங்களே, ஒருத்தருக்காவது வாயத் தொறந்து கணக்கு சொல்லத் தெரியாதா? நான் என்னா சர்க்கஸா, சுத்தி நின்னு பாக்கறதுக்கு?"

அப்போது சாக்பீஸ் பொறுப்பாளர் மெதுவாக முன்னே வந்தாள். சேலம் பக்கத்திலிருந்து வந்து, அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறவள். சாக்பீஸ் அவள் கையில்தானே இருந்தது. "உனக்கு எங்க மாட்டுது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

எனக்கு மாட்டுவது அட்ஜஸ்ட்மெண்டில். வருஷக் கடைசிக் கணக்கு போடும்போது, இருப்புச் சோதனைப் பட்டியலுக்கு வெளியே, கீழே சில விஷயங்கள் கொடுத்திருப்பார்கள். அவை ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் வர வேண்டும். நான் ஒரே இடத்தில் போட்டுவிட்டு, பேலன்ஸ் ஷீட் இடிக்கும்போது, மிச்சத்தைச் 'சஸ்பென்ஸ்' என்று எழுதிச் சமன் செய்துவிடுவேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உன் கம்பெனியில சொத்தே சஸ்பென்ஸ்தான் போல" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். மற்ற பத்துப் பேரும் மேற்பார்வை.

கொஞ்சம் பிடிபட ஆரம்பித்த நேரத்தில் விரிவுரையாளர் வந்தார். "ஒரே ஒரு ஸ்டூடண்டுக்கு ஒரு ரூமான்னு பிரின்சிபால் கேக்கறாரு. திங்கக்கிழமைக்குள்ள ஆள் சேரலைன்னா ரூம் டேபிள் டென்னிஸ்காரங்களுக்கு" என்றார். எனக்கு உடனே பேக்கிங் செக்‌ஷன்தான் கண் முன்னே வந்தது. அறை போனால் மன்றத்துக்கு ஒரு திட்டம் போகும். எனக்கு மூன்றாம் வருஷமே போகும்.

தலைவன் அவசரக் கூட்டம் போட்டு ஒரு போஸ்டர் எழுதி, கேன்டீன் சுவரில் ஒட்டினான். 'பலவீனமான மாணவர்களே, வருக! உங்களை உயர்த்தக் காத்திருக்கிறோம்.' அதன் விளைவு உடனே தெரிந்தது. போஸ்டருக்குக் கீழே இருந்த மேஜையில் அதற்குப் பிறகு யாருமே உட்காரவில்லை. உட்கார்ந்தால் பலவீனமானவன் என்று நினைத்துவிடுவார்களே! தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிட்டார்கள். கேன்டீன்காரர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நிம் போஸ்டரால என் வியாபாரம் போச்சு, தெகெயம்மா அத, எடுத்துடு" என்று பாதிக் கன்னடத்தில் புலம்பினார்.

நான் தெகெந்தேன். பர்ரென்று கிழித்தேன். காலியாக இருந்த அந்த மேஜையின் பெஞ்சில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! நான் அக்கவுண்ட்ஸ்ல ஃபெயில். பலவீனம்லாம் இல்ல, ரெண்டு பிளேட் இட்லி சாப்பிடுவேன். மாடி ரூம்ல சொல்லிக்குடுக்கறாங்க, எனக்குப் புரியுது. ஃபெயிலானவங்க வாங்க. உங்கள யாரும் உயர்த்த மாட்டாங்க, சும்மா பெஞ்சில உக்காந்தா போதும்!"

கேன்டீன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு மூலையில் விசில் அடித்தார்கள். யாரும் வர மாட்டார்கள், மானம் போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு பையன் வந்து வாசலில் நின்றான். "எனக்கில்ல, என் ஃப்ரெண்டுக்குத்தான் கேக்கறேன். இந்தக் கடைசி சரக்கிருப்பு எங்க போடணும்?" என்றான். பிறகு ஒருத்தி, அவள் ஃப்ரெண்டுக்காக. வாரக் கடைசிக்குள் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. எல்லாரும் யாரோ ஒரு ஃப்ரெண்டுக்காக வந்தவர்கள். எங்கள் கல்லூரியில் நட்பு அவ்வளவு ஆழமாக இருந்தது. வருகைப் பதிவுப் பொறுப்பாளர் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் தவித்தாள். ஆனால் அறை தப்பித்தது.

சேலத்துக்காரி ஒருத்தியால் அத்தனை பேரைச் சமாளிக்க முடியவில்லை. "நீ அந்தப் பக்கம் பாரு" என்று ஒரு சாக்பீஸை என் கையில் கொடுத்தாள். முதலில் வந்த பையனின் வீட்டில் அரிசிக் கடை. "வருஷக் கடைசியில கடையில மூட்டை மிஞ்சியிருக்குல்ல? அதைக் கழிச்சாத்தான இந்த வருஷம் எவ்வளவு சரக்கு வித்ததுன்னு தெரியும்? அதனால டிரேடிங் அக்கவுண்ட்ல வரவுப் பக்கம். அதே மூட்டை இன்னும் உன் கடையிலதான இருக்கு, சொத்துதான? அதனால பேலன்ஸ் ஷீட்லயும்" என்றேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே பளிச்சென்று புரிந்தது. ஒரு வருஷம் மனப்பாடம் செய்தும் ஏறாதது, ஒருவனுக்குச் சொல்லப்போய் ஏறிவிட்டது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவன் மட்டும் நின்றுகொண்டே தலைமை தாங்கினான்.

ஆண்டு விழாவில் பதினோரு பேருக்கும் 'சிறந்த தலைவர்' சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கு எதுவும் கொடுக்க முடியவில்லை. மன்றத்தின் விதிப்படி பேப்பர் பாக்கி வைத்திருப்பவருக்குப் பதவி கிடையாது. அந்த விதியை எழுதியவன் தலைவன். ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 'சிறந்த பயனாளி' என்று ஒரு சான்றிதழ் அடித்து, மேடைக்குக் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் கை குலுக்கி, "தொடர்ந்து பயன் பெறுங்கள்" என்று வாழ்த்தினார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை, ஆனால் சட்டம் போட்டு மாட்டினார்.

கோடையில் ரிசல்ட் வந்தது. போர்டில் என் எண்ணைத் தேட எனக்குத் தைரியம் வரவில்லை. சேலத்துக்காரிதான் தேடினாள். "பாஸ்டீ!" என்று அவள் கத்தியதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அன்றைக்கு அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை தெருமுனையிலேயே நின்றேன். சொன்னதும், "சரிம்மா, சூப்பர்வைசர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் வீடு வரை என் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

தலைவன் அக்கவுண்ட்ஸில் முதல். கன்னடத்தில் ஃபெயில்.

மூன்றாம் வருஷம் தொடங்கியதும் மன்றம் கூடியது. அவன் எழுதிய விதியே அவனை வெளியே அனுப்பியது. தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொன்னது சாக்பீஸ் பொறுப்பாளர். நான் வைத்த முதல் நிபந்தனை, பாதிப் பேராவது பதவி இல்லாமல் இருக்க வேண்டும் என்பது. அதற்கு ஒத்துக்கொள்ளவைக்கவே ஒரு மாதம் ஆனது.

பிறகு ஒரு மதியம், அறை நிறைந்திருந்தது. கன்னடம் சொல்லிக்கொடுக்கும் பெஞ்ச் என்னுடையது. ஜீவனஹள்ளியில் வளர்ந்தவளுக்கு அது தெருவில் வந்த பாஷை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அவன். கையில் கன்னடப் புத்தகம். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவனுக்காகவே ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்: 'பயனாளியே வருக', 'உன்னால முடியும்', 'தொடர்ந்து பயன் பெறுங்கள்' எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"ஒரு ஃப்ரெண்டுக்கு..." என்று ஆரம்பித்தான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த வாசலில் நின்று பார்த்தவள் நான். புத்தகங்களை ஒதுக்கி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.

"குந்துப்பா" என்றேன். "உன் ஃப்ரெண்டுக்கு எங்க மாட்டுது?"