ஒன்பதரை மணி ரத்து

சிரம்பானில் அந்தக் கண் மருத்துவ நிலையத்தின் பதிவு மேசையில் நான் அமர்ந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் கோலா சாவாவை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தோட்டத்துச் சம்பளப் பட்டியலைக் கணினிக்கு மாற்றியபோது நிர்வாகம் என்னை வகுப்புக்கு அனுப்பியது. தேவாரம் ஓதிப் பழகிய மனத்துக்குக் கணினியின் நிரல்மொழி அந்நியமாகத் தோன்றவில்லை. இரண்டிலும் ஓர் எழுத்து பிறழ்ந்தால் பயன் கிட்டாது என்றே எனக்குக் கற்பிக்கப்பட்டது.

நிலையத்தில் லேசர் சிகிச்சை செய்யும் டாக்டரம்மா கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒரே ஒரு சனிக்கிழமை வருவார். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, அரை மணிக்கு ஒருவராக எட்டுப் பேர். நீரிழிவால் விழித்திரை கெட்டுவரும் நோயாளிகளே பெரும்பாலும். எட்டில் இருவர், சில மாதங்களில் மூவர், சொல்லாமல் வராதிருப்பார்கள். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பெயர்கள் இருக்க, இருக்கை காலியாகக் கிடக்கும்.

"அங்கிள், நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க லா" என்றார் டாக்டரம்மா.

தொண்ணூறுகளின் முடிவு அது. கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கம் பரவத் தொடங்கியிருந்தது. ஒரு கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்தேன். புதன்கிழமைதோறும் என் நிரல் அந்த வார முன்பதிவுகளைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணுக்கும் மலாயில் ஒரு செய்தி அனுப்பும்: சனிக்கிழமை இத்தனை மணிக்குக் கண் சந்திப்பு, வருவதானால் யெஸ், வர இயலாவிட்டால் நோ என்று பதில் அனுப்பவும். நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் வந்த பதில்களைப் படிக்கும். யெஸ் என்றால் அந்த வரி பச்சையாகும். நோ என்றால் முன்பதிவு நீங்கும். காத்திருப்போரில் முதல்வருக்கு அந்த நேரம் செய்தியாகப் போகும். அவர் யெஸ் என்றால் அவர் பெயர் ஏறும். மனிதக் கை படவேண்டியதில்லை.

மக்கள் யெஸ், நோ என்று மட்டும் எழுதுவார்கள் என்று நான் நம்பவில்லை. யா, போலே, ஓக்கே எல்லாம் யெஸ். தாக், திடாக் எல்லாம் நோ என்று பட்டியல் வைத்தேன். ஒருவர் "யெஸ் துவான்" என்று கணினிக்கு மரியாதை செலுத்தியிருந்தார். அதற்காக முதல் சொல்லை மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். அப்படியும் பிடிபடாத பதில்கள் 'புரியாதவை' என்ற தனிப் பக்கத்தில் சேரும். அதைத் திறந்து படிக்க வேண்டியவன் நான்.

செய்தியில் நோயாளியின் பெயரை இடவில்லை. கண் நோய் பிறர் அறியும் காரியமன்று என்று டாக்டரம்மா சொன்னார். பெயர் எதற்கு, எண் இருக்கிறதே என்று நானும் எண்ணினேன். பதில் எந்த எண்ணிலிருந்து வருகிறதோ அந்த எண்ணுக்குரிய முன்பதிவைத் தேடு. பதில் வராத வரி எது முதலில் கிடைக்கிறதோ அதில் எழுது. இதுவே நான் நிரலுக்கு இட்ட கட்டளை. எந்தச் செய்திக்கு இந்தப் பதில் என்று குறுஞ்செய்தி தானாகச் சொல்லாது. எண் ஒன்றுதான் அடையாளம்.

மூன்று மாதங்கள் எட்டு இருக்கையும் நிரம்பின. டாக்டரம்மா எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தார்.

நான்காம் மாதப் பட்டியலில் என் பழைய தோட்டத்திலிருந்து இருவர் இருந்தனர். ஒருவர் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் அம்மாள். ஐம்பது வயது, கணவர் இல்லை. வலக்கண் முன்பே போய்விட்டது. இடக்கண்ணில் புது இரத்தக் குழாய்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. உடனே லேசர் செய்தால் காப்பாற்றலாம், தள்ளினால் உள்ளே இரத்தம் கசியும் என்று டாக்டரம்மா என்னிடமே சொல்லியிருந்தார். அவருக்கு ஒன்பதரை மணி. மற்றவர் அதே லயத்து வீட்டுவரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற கிழவர். அவருக்குப் பத்து மணி.

இருவரும் கொடுத்த எண் ஒன்றே. அந்த லயத்தில் கைப்பேசி வைத்திருந்தவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் மட்டும்தான். நாற்பது குடும்பங்கள் ஒரு குழாயடியில் நீர் பிடிப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். அந்த எண்ணை என் விரலாலேயே இருமுறை அடித்தேன். ஒரு கணமும் நிற்கவில்லை.

ஓட்டுநருக்கு இரண்டு நினைவூட்டல்களும் புதனன்றே போயின. தோட்டத்துக்குள் அலை எட்டாது. ரந்தாவ் சாலைக்கு வந்தால்தான் செய்தி விழும். வெள்ளி பிற்பகல் அவர் பதில் அனுப்பினார். கிழவருக்குச் சம்பந்தி வீட்டில் கருமாதி. ஆகவே முதலில் அவருக்காக நோ. பிறகு அம்மாளுக்காக யெஸ்.

நிரல் முதல் பதிலை எடுத்தது. அந்த எண்ணில் பதில் வராத முதல் வரி ஒன்பதரை. நீக்கியது. இரண்டாம் பதிலைப் பத்து மணிக்கு எழுதியது. ஓட்டுநருக்கு இரண்டு மறுமொழிகள் போயின: ஒன்பதரை மணி ரத்து, பத்து மணி உறுதி. அடுத்த சில நிமிடங்களில் சிரம்பான் ஆசிரியர் ஒருவர் ஒன்பதரை மணியை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஓட்டுநர் அறிவுள்ளவர். பிசகைக் கண்டு உடனே மூன்றாவதாக ஒரு செய்தி எழுதினார். ஒன்பதரை மணி மாச்சிக், அதாவது அம்மாள், வருகிறார், பத்து மணி ஆள்தான் வரவில்லை என்று மலாயில் இரண்டு வரி. முதல் சொல் யெஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை. அது 'புரியாதவை' பக்கத்தில் போய் விழுந்தது.

அன்று பிரதோஷம். நான்கு மணிக்கே நான் மேசையை விட்டு எழுந்து கோவிலுக்குப் போய்விட்டேன். நந்திக்கு அபிஷேகம் நடக்க, அருகில் நின்று பதிகம் பாடினேன். கூவி அழைப்பவர் குரலுக்குச் செவி சாய்ப்பவனே என்று சிவனைப் போற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என்னை அழைத்த ஒரு குரல் திரையில் கிடந்தது.

சனிக்கிழமை காலை திரையில் எட்டு வரியும் பச்சை. எல்லாம் பச்சையாக இருந்தமையால் மற்றப் பக்கத்தை நான் திறக்கவில்லை. பத்தேகாலுக்கு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், பத்து மணி ஆளு எங்க? சொட்டு மருந்து போட்டாச்சா?"

"யெஸ் சொல்லியிருக்கிறாரே..."

"யெஸ் சொன்னது இருக்கட்டும். ஆளு எங்க?"

அப்போதுதான் 'புரியாதவை' பக்கத்தைத் திறந்தேன். ஓட்டுநரின் இரண்டு வரி அங்கே கிடந்தது. ஓட்டுநரை அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

"கார் எடுத்துட்டுப் போங்க. பன்னண்டரைக்குள்ள கூட்டிட்டு வந்தா செஞ்சிடலாம். ரெண்டு மணிக்கு எனக்கு வேற இடத்துல ஆப்பரேஷன், அங்கிள்."

தோட்டத்தை அடைந்தபோது மணி பதினொன்று. ஓட்டுநரின் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நேத்தே சொல்லிட்டாரே ஐயா. 'அக்கா, பேரை அடிச்சிட்டானுங்க, ஆனா நான் திருப்பி எழுதியிருக்கேன், எதுக்கும் காலையில போயி கேளு'ன்னு. அது கேட்டாதானே! 'ஓப்பிஸ்ல பேரை அடிச்சப்புறம் போயி நிக்கக் கூடாது'ன்னு கத்தியை எடுத்துட்டு வேலைக்குப் போயிருச்சி."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தவன் நான். தாமதமாக வந்தவர்களின் பெயரை அடித்துவிட்டு, "அடிச்சா அடிச்சதுதான், இங்க நிக்காதே, வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கிறேன். எதிர்த்துக் கேட்டவர்களுக்கு மறுநாளும் வேலை இல்லை. அந்த அம்மாளின் பெயரையும் அடித்திருக்கிறேன். எத்தனை முறை என்று நினைவில்லை. அவர் ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

அவர் வெட்டும் மரவரிசையான நிரைக்குப் போனேன். வேறொரு பெண் வெட்டிக்கொண்டிருந்தாள். விடுப்புக் கேட்டிருந்தமையால் அந்த நிரையை இவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். விடுப்பு வேண்டாம் என்று காலையில் வந்து நின்ற அம்மாளைத் தொலைவிலுள்ள வேறு டிவிஷனுக்கு ஆளில்லா நிரையில் அனுப்பியிருக்கிறார்கள். எந்த நிரை என்று அவளுக்குத் தெரியவில்லை. மழை ஊறிய பாதையில் கார் போகாது. நடந்தேன். மரவரிசைகளுக்கிடையே நின்று கூப்பிட்டேன். நான் போன வரிசைகளில் அவர் இல்லை.

பால் நிறுக்கும் கொட்டகையில்தான் அவரைக் கண்டேன். ஒரு மணி தாண்டியிருந்தது. வாளியை இறக்கிவிட்டு, முகத்தைச் சற்றுத் திருப்பி இடக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஐயோ, கிராணி ஐயாவா? என்ன இந்த வெயில்ல?"

"உங்க பேரை யாரும் அடிக்கலம்மா. மிஷின் தப்புப் பண்ணிடுச்சி. நான் எழுதினதுதான் தப்பு."

"அதுக்கா இவ்வளவு தூரம் நடந்தீங்க? சப்பாத்தெல்லாம் சேறாப் போச்சே." பிறகு, தயங்கி, "அடுத்த மாசம் பேரு இருக்குமா ஐயா?" என்று கேட்டார்.

"முதல் பேரே உங்களுதுதாம்மா."

"அப்பச் சரி" என்றார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "பாத்தியா, கிராணி நம்மளத் தேடி வந்துட்டாரு. ஒரு காலத்துல நாம இவரத் தேடி நின்னோம்" என்று சிரித்தார். அவர் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அரசாங்க மருத்துவமனைக்கு டாக்டரம்மாவிடம் கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். அங்கே கிடைத்த தேதி இன்னும் தள்ளியிருந்தது. ஆகவே எங்கள் சனிக்கிழமையையே நம்பினோம்.

நிரலைத் திருத்த எனக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. ஒவ்வொரு முன்பதிவுக்கும் இரண்டு இலக்கம் கொண்ட ஓர் அடையாளம். பதிலில் அந்த இலக்கத்தையும் சேர்த்து எழுதவேண்டும். ஒரே எண்ணில் இரண்டு முன்பதிவு இருந்து, இலக்கமில்லாமல் பதில் வந்தால், நிரல் எதையும் தொடாது. எனக்கு மணி அடிக்கும். 'புரியாதவை' பக்கத்தில் ஒன்று கிடந்தாலும் முதல் திரை சிவக்கும். அதன்பின் அந்த நிரல் ஒருமுறையும் தவறவில்லை. இதை எழுதும்போது எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

மூன்றாம் வாரம், கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் இறங்குகின்றன என்று ஓட்டுநரிடம் அம்மாள் சொன்னாராம். நான்கே நாளில் நூல்கள் திரையாகிவிட்டன. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

புதனன்று நினைவூட்டல் போனது. அதே எண்ணிலிருந்து, சரியான இலக்கத்தோடு, யெஸ் வந்தது. வரி பச்சையானது.

சனிக்கிழமை ஓட்டுநரின் மனைவி அம்மாளைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். அம்மாள் நல்ல சேலை உடுத்தி, திருநீறு இட்டு வந்திருந்தார். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். உள்ளே இரத்தம் நிறைந்திருக்கையில் லேசர் ஒளி விழித்திரையைத் தொடாது என்றார். கோலாலம்பூரில் ஓர் அறுவை உண்டு. இந்த நிலையில் பார்வை திரும்பும் என்று தம்மால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அம்மாள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார்.

வெளியே வந்து என் மேசையின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து நின்றார்.

"ஐயா, நான் வந்ததுக்கு பேரு பதிஞ்சிட்டீங்களா?"

நான் பதிய வேண்டியிருக்கவில்லை. அவர் உள்ளே சென்றபோதே தாதி விசையைத் தட்டியிருந்தாள். ஒன்பது மணி, முதல் வரி, அவர் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று திரை காட்டிக்கொண்டிருந்தது.

"பதிஞ்சாச்சும்மா" என்றேன்.