இரண்டு பொட்டலம்

எழுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்தேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் பகலில் பிள்ளையார்பாளையத்திலிருந்து பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் ஒருவர் மனைவியோடு ஓடிவந்தார். கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. விடியற்காலையிலிருந்து தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு நிறுத்திட்டேன் நர்சம்மா" என்றாள் தாய்.

"நல்லா நிறுத்தின போ!" என்று எரிந்து விழுந்தேன்.

குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. வீறிட்டு அழுதாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஸ்பூனைக் கண்டதும் தாவிக் குடித்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, குடிக்கிற வரை வாய் வழியாகவே கொடு, துவண்டுபோய்க் குடிக்காமல் கிடந்தால் உடனே நரம்பில் பாட்டில் ஏற்றிவிடலாம் என்றார். எடை ஆறு கிலோ. நாலு மணி நேரத்தில் நானூற்றைம்பது மில்லி போக வேண்டும். நடுநடுவே தாய்ப்பால்.

அப்போதுதான் உப்பு-சர்க்கரைப் பொட்டலங்கள் எங்களுக்கு வர ஆரம்பித்திருந்தன. இப்போதைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டை எடுத்தேன். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் ஜாடியோடு அந்த மனிதர் கையில் திணித்து, "கரைச்சு, நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் ஊட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினேன்.

திரும்பி வரும்போது குழந்தை உதட்டை நக்கிக்கொண்டு முன்பைவிட அதிகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஜாடியிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"எத்தினி பொட்டலம் போட்டீங்க?"

"ரெண்டும்தான். கெட்டியா கரைச்சாதான நர்சம்மா சாயம் ஏறும்? சீக்கிரம் புடிக்கட்டும்னு..."

"உப்பு ஏறினா உடம்புல இருக்குற தண்ணியும் போயிடும்யா! எவ்ளோ குடுத்தீங்க?"

"அஞ்சு ஸ்பூன்."

ஜாடியைக் கவிழ்த்தேன். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அளவு கொஞ்சம்தான், சரியாகக் கரைத்துக் கொடு, பக்கத்திலேயே இரு என்றார். ஒரு லிட்டருக்கு ஒன்று என்று நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அதைச் சாயக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாகக் கரைத்து, முதலில் நான் ருசி பார்த்தேன். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். நானே ஊட்டினேன். எட்டாவது ஸ்பூனில் அத்தனையும் வாந்தி.

"பாட்டில் ஏத்துங்க நர்சம்மா" என்று சாயக்காரர் என் காலில் விழப் போனார். பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக ஆரம்பித்தேன். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் எனக்குக் கனவில் வருகிறது.

நாலு மணி நேரம் முடிகிற சமயம். மறுபடி வயிற்றுத் தோலைக் கிள்ளினேன், சட்டென்று படிந்தது. குழந்தைக்குக் கோபம் வந்து ஓவென்று அழுதது. தாய் பதறி மார்போடு அணைக்கப் போனாள்.

"இரும்மா, கொஞ்சம் அழட்டும்" என்றேன்.

கன்னத்தில் இறங்கியது கண்ணீர். சாயக்காரர் அதை நீல விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோதானா உப்பு?" என்றார்.

"இவ்ளோதான்பா. ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம்னு நான்தான் உங்ககிட்ட சொல்லல" என்றேன்.