என் உடைந்த இடியாப்பம் முகப்புப் படமான கதை

நான் தினமும் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வெட்டி ஒட்டுகிறவள். "பொய்யைப் பளபளன்னு தொடைச்சு வைக்கிறதுதான் உன் வேலை" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த வாரம் நான் செய்தது அதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட இரண்டே வயது மூத்தவர். பூர்வீகம் யாழ்ப்பாணம், பேச்சு முழுக்க ஜொகூர் பாரு. எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் சனிக்கிழமை காலை சமையல் வகுப்பு நடத்துவார். ஒரு சனிக்கிழமை மண்டபப் பொறுப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த சனிக்கிழமைக்கு ஆறு பேராவது சேராவிட்டால், அந்த நேரம் ஸும்பா ஆட்டக்காரர்களுக்குப் போய்விடும். சேர்ந்திருந்தது இரண்டே பேர்.

அன்றைய வகுப்பை நான் வீடியோ எடுத்திருந்தேன். சிவப்பரிசி மாவு இடியாப்பம். ஞாயிற்றுக்கிழமை அதை யூடியூபில் ஏற்றி, கீழே வகுப்புக்குப் பதியும் லிங்க்கைப் போட்டேன். அக்காவின் இடியாப்பம் பழுப்பு நிறம். கைப்பேசியில் சின்னதாகப் பார்த்தால் மங்கலாகத் தெரிந்தது. எங்கிருந்தோ பால் வெள்ளையில் ஒரு இடியாப்பப் படத்தை எடுத்து வீடியோவின் முகப்புப் படமாக வைத்தேன். மேலே கொட்டை எழுத்தில் "2 நிமிடத்தில் பஞ்சு இடியாப்பம்!" தலைப்பிலும் அதையே எழுதினேன்.

ஆட்கள் வந்து குவிந்தார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பதிவு மட்டும் ஒன்றுகூட இல்லை. மாலையில் அக்கா கைப்பேசியை நீட்டினார். பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று காட்டும் கோடு, முதல் அரை நிமிடத்திலேயே தடாலென்று விழுந்திருந்தது. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "வெள்ளை இடியாப்பம் எங்கே?"

"இது நான் பிழிஞ்சது இல்லையே லா," என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு நிமிஷமா? மாவு வறுக்கவே எவ்ளோ நேரம் ஆச்சு, நீங்கதானே நின்னு பாத்தீங்க."

"எல்லாரும் இப்படித்தான்கா போடுறாங்க. ஆளு உள்ள வரணும்ல!"

"வந்தவங்க ஏமாந்து போனா, அடுத்த தடவை என் பேரைப் பாத்தாலே தாண்டிப் போயிடுவாங்க. வீடியோவை எடுத்துட்டு வேற போடணுமா?"

"வேணாம். படத்தையும் தலைப்பையும் மட்டும் மாத்தலாம். வீடியோ அப்படியே இருக்கும்."

அப்புறம் அவர் வீடியோவை முதலிலிருந்து ஓட்டினார். ஆரம்பத்திலேயே அவர் கேட்கிறார்: "வீட்டுல பிழியும்போது இடியாப்பம் உடைஞ்சவங்க கை தூக்குங்க." நாலாவது நிமிடத்தில் நிறுத்தினார். அங்கே இருந்தது என் கை. கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நானும் ஒரு பிடி பிழிந்து பார்த்திருந்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை பொறுக்காமல் மாவில் வெதுவெதுப்பாகவே ஊற்றியதால், இழை துண்டு துண்டாக உதிர்ந்து கிடந்தது.

"இதைப் போடலாமா?" என்றார்.

"அலமாக், ஐயோ! என் மானம் போயிடும்கா!"

"முகம் தெரியலயே. கை மட்டும்தான். உங்களுக்குச் சம்மதம்னாதான்."

கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. ஆனாலும் கணினி முன் உட்கார்ந்தேன். இடது பக்கம் என் உதிரிகள், வலது பக்கம் அவருடைய நீண்ட பழுப்பு இழை, இரண்டும் அதே வீடியோவிலிருந்து. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். நிறம் மாறிவிடவில்லையே என்று அக்கா கிட்டே வந்து பார்த்தார். படத்தின் மேல் இரண்டே சொல்: "ஏன் உடையுது?" கீழே வலது மூலையில் வீடியோவின் நிமிடக் கணக்கு வந்து மறைக்கும் என்பதால் எழுத்தை மேலே ஏற்றினேன். தலைப்பு அதையே திருப்பிச் சொல்லாமல், "சிவப்பரிசி இடியாப்பம் உடையாமல் பிழிவது எப்படி" என்று நின்றது. கைப்பேசியில் கடைசிச் சொற்கள் வெட்டுப்பட்டாலும் முதல் இரண்டு சொல் தெரியும்.

வந்தவர்கள் குறைந்தார்கள். என் தொழில் புத்திக்கு அது வயிற்றெரிச்சல். ஆனால் வந்தவர்கள் போகவில்லை. கோடு நாலாவது நிமிடத்தைத் தாண்டியும் பெரிதாக இறங்காமல் போனது. புதனன்று ஒரு பதிவு, வியாழனன்று இரண்டு. வெள்ளி மதியம் வரை மொத்தம் ஐந்துதான். நான் அரை மணிக்கொரு தடவை பதிவுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அக்கா என்னவோ ஆறு பேருக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தார். அந்த நெஞ்சுரம் எனக்குச் சத்தியமாக வராது.

சனிக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். பக்கத்து ஊரான கூலாயிலிருந்து வந்த பெண் டப்பாவைத் திறந்தாள். உள்ளே உடைந்த இடியாப்பம். "அந்தப் படத்தைப் பாத்ததும் எங்க வீட்டு அடுப்படின்னே நெனச்சேன். அது யாரு கை, அக்கா?"

அக்கா அடுப்பில் தண்ணீரை ஏற்றினார். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் பொறுப்பாளர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்: ஐந்து.

"என் கைதான். என்ன இப்போ?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பொறுப்பாளரிடம் போய் ஆறாவது பெயராக என் பெயரை எழுதிக்கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்தேன்.